ப்ரோவுக்குப் பின்னால் ஓர் N

கேம் பாதியில் மூடிக்கொள்கிறது என்று ஒரு மெஷின் கடைக்கு வந்தால், நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் மூடுகிறதா? கொண்டுவருகிற பையன்கள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று முடிவுகட்டியே வருவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. டோல்கேட்டில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருவில் கடை வைத்திருப்பவனுக்குத் தெரியும், இங்கே மெஷின் சாவது பெரும்பாலும் காற்றால். கிழக்கே கடல், தெருவில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி. ரேம் கால்களில் களிம்பு ஏறும், ஃபேனில் புழுதி கட்டிச் சூடு ஏறும், பவர் சப்ளை ஒரு கோடையில் உயிரை விடும். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் இந்தப் பக்கத்தில் எல்லோருடைய கையும் முதலில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடும்.

ஆனால் வன்பொருள் கோளாறுக்கு நேரம் காலம் கிடையாது. சூடேறியதால் நிற்கிற கார்டு இன்று பத்தாவது நிமிடத்தில் நிற்கும், நாளை நாற்பதாவது நிமிடத்தில் நிற்கும். பவர் சப்ளை தளர்ந்திருந்தால் கேம் மட்டும் மூடாது, மெஷினே அணைந்து மறுபடி எழும். கம்பெனி லோகோ வீடியோ வரவேண்டிய அதே நொடியில், அல்லது முதல் அத்தியாயம் முடிந்து கதை வீடியோ தொடங்க வேண்டிய அதே இடத்தில், ஒருமுறைகூடத் தவறாமல் கேம் மூடுகிறது என்றால் அங்கே கார்டுக்கு வேலையே இல்லை. வீடியோ ஓடுவது கார்டுக்குப் பெரிய பாரமும் இல்லை. அப்போது நான் மெஷினைத் திறப்பதில்லை. கீபோர்டை இழுத்து `winver` என்று தட்டுவேன். வருகிற சின்னப் பெட்டியில் `Windows 10 Pro` என்று இருக்கிறதா, `Windows 10 Pro N` என்று இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்த ஓர் எழுத்துக்காக நூறு ஜிபி கேமை மொபைல் டேட்டாவில் மறுபடி இறக்கியவர்களையும், நல்ல கார்டை ரிச்சி தெருவில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இதை முழுதாக விளக்க ஒரு கேமிங் சென்டரின் கதை போதும். மெட்ரோ ரயில் டோல்கேட்டுக்கு வந்த பிறகு, அதாவது 2021-க்குப் பிறகு நடந்தது. ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் ஓர் அக்கா பத்து மெஷின் போட்டு நடத்திக்கொண்டிருந்தார். பத்தும் ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துவிட்ட ஒரே மாடல் டெஸ்க்டாப். எல்லாவற்றிலும் ஒரே கிராபிக்ஸ் கார்டு, ஒரே டிரைவர். கேம்களும் ஒரு மெஷினில் இறக்கி வெளி டிஸ்க் வழியே மற்றவற்றுக்குக் காப்பி செய்தவை. முன்வரிசை ஆறும் நன்றாக ஓடின. பின்வரிசை நான்கில் மட்டும் சில கேம்கள் மூடிக்கொண்டன.

"தம்பி, பின்னாடி ஏசி எட்டல, சூடாவுதுன்னு நெனச்சேன். டேபிள் ஃபேன் கூட வச்சுட்டேன். அப்பவும் அதே மாதிரிதான் மூடுது" என்றார்.

"எல்லா கேமும் மூடுதாக்கா?"

"இல்ல. கிரிக்கெட் ஓடுது, வாலிபால் ஓடுது. ஜிடிஏ தொறக்கவே மாட்டேங்குது. அந்தப் பேய் கேம் லோகோ வர்ற எடத்துல அப்படியே போயிடுது. இன்னொண்ணு கறுப்பாவே நிக்குது, ஆனா எண்டர் தட்டுனா ஆட்டம் வந்துடுது."

ஒரே மெஷினில் மூன்று விதமான நோய்க்குறி. அவர் சொன்ன அந்த மூன்றும் உண்மையில் ஒரே காரணத்தின் மூன்று முகங்கள். ஆனால் அவற்றைச் சேர்த்துப் பார்க்க, விண்டோஸுக்குள் வீடியோ எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு கேமுக்குள் இருக்கும் வீடியோவை ஓட்ட, செய்தவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வீடியோவைப் பிரித்து ஓட்டும் கருவியைக் கேமுக்குள்ளேயே கட்டிக் கொடுத்துவிடுவது. பிங்க் என்ற பழைய, கட்டணம் கட்டி வாங்கும் கருவி அப்படிப்பட்டது. கேம் ஃபோல்டரில் `.bik` அல்லது `.bk2` என்று முடியும் கோப்புகள் இருந்தால் அது பிங்க். இப்படிப்பட்ட கேம் தன் வீடியோவுக்கு விண்டோஸிடம் எதையும் கேட்பதில்லை. இன்னொரு வழி, சாதாரண `.mp4` அல்லது `.wmv` கோப்பை வைத்துவிட்டு, ஓட்டும் வேலையை விண்டோஸிடமே விட்டுவிடுவது. விண்டோஸில் அந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு மீடியா ஃபவுண்டேஷன் என்று பெயர். விஸ்டா காலத்தில் வந்தது. விண்டோஸ் 7 முதல் எச்.264 வீடியோவையும் ஏஏசி ஒலியையும் அதுவே பிரித்துக் கொடுக்கிறது. அந்த வடிவங்களுக்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. விண்டோஸில் இருப்பதையே பயன்படுத்தினால் கேம் செய்பவருக்கு அந்தத் தலைவலி குறையும். யூனிட்டி, அன்ரியல் போன்ற எஞ்சின்கள் விண்டோஸில் சாதாரண வீடியோக் கோப்பை ஓட்ட இதைத்தான் நம்பியிருக்கின்றன.

N பதிப்பில் இந்த மீடியா ஃபவுண்டேஷன் இருக்காது. `mf.dll`, `mfplat.dll`, `mfreadwrite.dll` என்று அதன் கோப்புகள் எதுவும் `System32`-ல் கிடைக்காது.

அக்காவின் மூன்று கேம்களுக்கு வருகிறேன். ஜிடிஏ 5 திறக்கும் முன்பே விண்டோஸ் அதற்குத் தேவையான கோப்புகளைத் தேடுகிறது. `mfreadwrite.dll` கிடைக்கவில்லை. கேம் தொடங்கவே இல்லை. இந்த வகையில் பொதுவாக ஒரு பெட்டி வந்து இன்ன கோப்பு இல்லை என்று பெயரையே சொல்லிவிடும். ஆனால் லாஞ்சர் வழியாகத் திறந்தால் சில சமயம் அந்தப் பெட்டி தெரியாமல், கேம் எதிர்பாராமல் மூடியது என்ற லாஞ்சரின் செய்தி மட்டும் மிஞ்சும். ராக்ஸ்டார் நிறுவனமே N பதிப்புக்காரர்கள் மீடியா ஃபீச்சர் பேக் போட வேண்டும் என்று தன் உதவிக் குறிப்பில் சொல்கிறது.

இரண்டாவது, லோகோ வரும் இடத்தில் மூடுகிற பேய் கேம். இதில் கோப்பைத் தொடக்கத்தில் தேடுவதில்லை, முதல் வீடியோ வரும்போதுதான் தேடுகிறது. இந்த வகையில் வேறு சில கேம்கள் மெனு வரை, சில சமயம் முதல் அத்தியாயம் வரைகூட ஓடிவிடும். அதனால்தான் கேமே தவறு, கிராக் தவறு, கார்டு தவறு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். இதற்கு எழுத்துபூர்வமான சாட்சி ஒன்று உண்டு. `eventvwr` என்று தட்டி, `Windows Logs` என்பதன் கீழ் `Application` பார்த்தால், கேம் மூடிய நேரத்தில் சிவப்புக் குறியோடு `Application Error`, எண் 1000 என்று ஒரு பதிவு இருக்கும். அதில் `Exception code: 0xc06d007e` என்று இருந்தால், நடுவழியில் கேட்ட ஒரு `dll` கோப்பு கிடைக்காமல் கேம் விழுந்தது என்று பொருள். எந்தக் கோப்பு என்று அந்த எண் சொல்லாது. ஆனால் கோளாறு கார்டில் இல்லை என்பதைக் காட்டிவிடும்.

மூன்றாவது, கறுப்பாக நிற்பது. இதைச் செய்தவர்கள் கவனமானவர்கள். கோப்பு கிடைக்காவிட்டால் வீடியோவைக் காட்டாமல் விட்டுவிடும்படி எழுதியிருக்கிறார்கள். ஆட்டம் போகும், கதை புரியாது. வீடியோ முடிந்தால்தான் அடுத்த காட்சி என்று எழுதப்பட்ட கேமில் அந்தக் கறுப்பு முடிவே இல்லாமல் நிற்கும்.

கிரிக்கெட்டும் வாலிபாலும் ஓடியதற்கும் அதே விளக்கம்தான். அவற்றின் ஃபோல்டரில் நான் பார்த்தது பிங்க் கோப்புகள்.

எல்லோரையும் வழி தவறவைக்கும் இன்னொரு விஷயமும் உண்டு. பேய் கேமின் `Content\Movies` ஃபோல்டரில் இருந்த `.mp4` கோப்பைச் சென்டரில் வேலை பார்த்த தம்பி இருமுறை தட்டினான். படம் அழகாக ஓடியது. "வீடியோ நல்லாத்தான் இருக்குண்ணே, அப்ப கேம்தான் கெட்டுப்போச்சு" என்றான். ஓடியது விஎல்சியில். விஎல்சி தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே சுமந்து வரும் மென்பொருள், மீடியா ஃபவுண்டேஷனைக் கேட்பதே இல்லை. விஎல்சியில் ஓடுவதால் கோப்பு நல்லது என்று மட்டும்தான் தெரியும், விண்டோஸ் அதை ஓட்டுமா என்று தெரியாது. நான் அந்த `Movies` ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு கேமைத் திறந்து காட்டினேன். வீடியோ இல்லாததால் கேம் லோகோவைத் தாண்டி நேராக மெனுவுக்குப் போனது. எல்லா கேமும் இப்படிப் பணிந்து போகாது, வீடியோ இல்லையென்றால் வேறு விதமாக மூடுகிறவையும் உண்டு. ஆனால் போகிறதென்றால், சந்தேகத்துக்கு இடமில்லாமல் வீடியோதான் காரணம். பார்த்த பிறகு பெயரைத் திரும்ப மாற்றிவிட வேண்டும்.

பின்வரிசை நான்கும் `Windows 10 Pro N`. முன்வரிசை ஆறும் வெறும் `Pro`.

யாருக்காக இந்த N? இதைப் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே மனம் கனத்தது. 2004 மார்ச் 24 அன்று ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்ட் மீது 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. விண்டோஸோடு மீடியா பிளேயரையும் கட்டாயமாகச் சேர்த்து விற்பதால் மற்ற பிளேயர்கள் வளர முடியவில்லை என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. பிளேயர் இல்லாத விண்டோஸும் விற்க வேண்டும் என்று உத்தரவு. அப்படி 2005-ல் எக்ஸ்பிக்கு N பதிப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தென்கொரியாவின் நியாய வர்த்தக ஆணையமும் மைக்ரோசாஃப்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல, அந்த நாட்டுக்கு KN என்று ஒரு பதிப்பு வந்தது. அன்று நீக்கியது பாட்டு கேட்கும் ஒரு பிளேயர், இல்லாவிட்டாலும் வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பிறகு வந்த விண்டோஸ்களில் பிளேயருக்கு அடியில் இருக்கும் வீடியோ இயந்திரமும் அந்த நீக்கத்தோடு சேர்ந்தே போனது. கேம்கள் அதன்மேல் கட்டப்பட்டன. போட்டிக்காரர்களுக்கு நியாயம் கிடைக்கவேண்டும் என்று பிரஸ்ஸல்ஸில் எழுதிய உத்தரவு, அதைப் பற்றி எதுவுமே அறியாத டோல்கேட் பையனின் ஆட்டத்தை நிறுத்துகிறது. உத்தரவில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். வாங்குகிறவனுக்கு என்ன இல்லை என்பதை ஓர் எழுத்துக்குள் ஒளித்துவைத்ததில்தான் நியாயம் இல்லை.

அது இங்கே எப்படி வந்தது என்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. நம் ஊரில் கடையில் வாங்கும் லேப்டாப்பில் பெரும்பாலும் `Home Single Language` இருக்கும், N இருக்காது. ஆனால் மைக்ரோசாஃப்ட் தரும் பொதுவான இன்ஸ்டலேஷன் கோப்பைப் பென்டிரைவில் போட்டால், எந்தப் பதிப்பு வேண்டும் என்று வரும் பட்டியலில் `Windows 10 Pro`-வுக்கு அடுத்த வரியிலேயே `Windows 10 Pro N` நிற்கும். அக்காவிடம் விசாரித்தேன். பின்வரிசைக்கு விண்டோஸ் போட்டவர் மலிவு விலைக்கு சாவி வாங்கி வந்திருக்கிறார். வெறும் ப்ரோவை அந்த சாவி ஏற்கவில்லை. பட்டியலில் எந்த வரி ஏற்றதோ அதைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். N பதிப்பின் சாவி வேறு, ப்ரோவின் சாவி வேறு. ஒன்றை மற்றதில் போட முடியாது. அதனால் நான்கையும் அழித்து வெறும் ப்ரோ போடலாம் என்ற யோசனைக்கு, புதிதாக நான்கு சாவி வாங்கும் செலவு உண்டு. அதற்குத் தேவையும் இல்லை. இல்லாத பகுதியைச் சேர்க்க மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருவதுதான் மீடியா ஃபீச்சர் பேக்.

விண்டோஸ் 10-ன் 1903 பதிப்புக்கு முன்பு இதை மைக்ரோசாஃப்ட் தளத்தில் தேடி இறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனிப் பேக். வேறு பதிப்பினுடையதைப் போட்டால் இந்த கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது என்று திருப்பி அனுப்பிவிடும். 1903 முதல் வேலை சுலபம். `Settings`-ல் `Apps`, அதில் `Optional features`, அங்கே `Add a feature` தட்டி `Media Feature Pack` தேர்ந்தெடுத்தால் போதும். விண்டோஸ் 11-ல் `View features` என்று இருக்கும். புதிய பதிப்புகளில் அந்தப் பக்கம் `System` என்பதற்குக் கீழே போய்விட்டது. நான் நிர்வாகி உரிமையோடு கமாண்ட் விண்டோ திறந்து இதைத் தட்டுவேன், ஏனென்றால் தவறு வந்தால் எண்ணோடு சொல்லும்:

```
DISM /Online /Add-Capability /CapabilityName:Media.MediaFeaturePack~~~~0.0.1.0
```

அக்கா சென்டரில் எண்ணோடுதான் சொன்னது: `0x80070422`. ஒரு சர்வீஸ் முடக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நெட் தின்கிறது, வாடிக்கையாளர் ஆடும்போது அப்டேட் வந்து நிற்கிறது என்று பல சென்டர்களில் விண்டோஸ் அப்டேட்டையே முடக்கி வைத்திருப்பார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தப் பேக் வருவதும் அதே வாசல் வழியாகத்தான். அதைத் தற்காலிகமாகத் திறந்தேன்:

```
sc config wuauserv start= demand
net start wuauserv
```

`start=` என்பதற்குப் பிறகு ஓர் இடைவெளி கட்டாயம். மறுபடி முதல் கட்டளையைக் கொடுத்ததும் பேக் இறங்கி ஏறியது, ரீஸ்டார்ட் கேட்டது. ரீஸ்டார்ட் செய்தேன். கேமைத் திறந்தால், பழையபடி மூடியது.

அக்காவின் முகம் வாடிவிட்டது. எனக்கோ அங்கேதான் நம்பிக்கை வந்தது, ஏனென்றால் கேமிங் சென்டர்களில் வழக்கமாக நடக்கும் விஷயம் இது. வாடிக்கையாளர் எதையாவது போட்டுக் கெடுத்துவிடக்கூடாது என்று, ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் டிஸ்கைப் பழைய நிலைக்குத் திருப்பும் மென்பொருள் ஒன்றைப் போட்டுவைத்திருப்பார்கள். கடற்கரை மணலில் எழுதியதை அலை அழிப்பதுபோல, போட்ட பேக்கையும் அது அழித்துவிடும். பேக்கோ ரீஸ்டார்ட் இல்லாமல் முழுமையாகாது. முதலில் அந்தக் காவலை எடுத்துவிட்டு, பேக்கைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, இருக்கிறதா என்று பார்த்த பிறகே காவலைத் திரும்பப் போட வேண்டும். இருக்கிறதா என்று பார்க்க:

```
where mfplat.dll
```

`C:\Windows\System32\mfplat.dll` என்று பதில் வந்தால் சரி. அந்த முறை வந்தது. ஜிடிஏ திறந்தது, பேய் கேமின் லோகோ வீடியோ ஒலியோடு ஓடியது, கறுப்பாக நின்ற கேமில் கதை வந்தது. மற்ற மூன்றுக்கும் அதே வரிசையில் செய்து, கடைசியாக அப்டேட் சர்வீஸை அக்கா வைத்திருந்தபடியே முடக்கிவிட்டு வந்தேன்.

இந்த வேலைக்குக் குறுக்குவழி என்று ஒன்று ஊரில் உலவுகிறது: `mfplat.dll`-ஐ மட்டும் ஏதாவது தளத்திலிருந்து இறக்கி `System32`-ல் போடுவது. அது வேலை செய்யாது. ஒரு கோப்பைப் போட்டால் அது அடுத்த கோப்பைக் கேட்கும், அதைப் போட்டால் வேறொன்றைக் கேட்கும். எல்லாம் சேர்ந்தாலும் வீடியோவைப் பிரிக்கும் பகுதிகள் விண்டோஸின் பதிவேட்டில் ஏறியிருக்காது. 32 பிட் கேமுக்கு வேண்டியது `SysWOW64`-ல் இருக்க வேண்டிய தனிக் கோப்பு, அதையும் குழப்பிக்கொள்வார்கள். அந்தத் தளங்களிலிருந்து கோப்போடு கூடவே வந்த வைரஸை எடுக்க என்னிடம் வந்தவர்களும் உண்டு.

பேக் தீர்க்காத கேஸ்களையும் சொல்ல வேண்டும். காலடிப்பேட்டையிலிருந்து ஒரு காலேஜ் தம்பி மெஷின் கொண்டுவந்தான். அதே நோய்க்குறி, அதே `0xc06d007e`, `mfplat.dll`-உம் இல்லை. ஆனால் `winver` வெறும் `Pro` என்றது. `Optional features`-ல் தேடினால் பேக் என்ற பெயரே இல்லை. N அல்லாத பதிப்பில் அந்தப் பேக் வராது, ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்றே விண்டோஸ் கணக்கு வைத்திருக்கும். அவன் போட்டிருந்தது யாரோ வெட்டிக் குறைத்து, வேகமானது என்று பெயர் சொல்லிப் பரப்பிய விண்டோஸ். வெட்டியவர் மீடியா பகுதியையும் சேர்த்து வெட்டியிருந்தார். அதற்கு மருந்து கிடையாது, சுத்தமான விண்டோஸை முதலிலிருந்து போடுவதுதான். சர்வர் விண்டோஸ் போட்டு ஆடுகிறவர்கள் வந்தால் கதை வேறு. அங்கே பவர்ஷெல்லில் `Install-WindowsFeature Server-Media-Foundation` என்ற கட்டளையில் முடிந்துவிடும்.

அக்காவிடம் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். விண்டோஸைப் பெரிய புதுப் பதிப்புக்கு ஏற்றினால் இந்தப் பேக் போய்விடக்கூடும், மறுபடி போட வேண்டியிருக்கும். அப்போது டேபிள் ஃபேன் வாங்க வேண்டாம், காவலை எடுத்துவிட்டு `where mfplat.dll` தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் அந்தத் தாளைப் பின்வரிசைச் சுவரில் ஒட்டிவிட்டார். அடுத்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகு சென்டர் தம்பியே போன் செய்தான். நான்கிலும் பதில் வரவில்லையாம், நான்கிலும் அவனே பேக்கைப் போட்டுவிட்டானாம். சர்வீஸை முடக்க மட்டும் கட்டளை மறந்துவிட்டது என்று கேட்டான். `sc config wuauserv start= disabled` என்று சொன்னேன், இடைவெளியோடு.